கோஸ் பொரியலுக்கு உப்பு எப்போது?

முட்டைக்கோஸ் பொரியல் சில நாட்களில் கூட்டைப்போல் நீர்விட்டு நிற்பதற்குக் காரணம் என்னவென்று யோசித்ததுண்டா? பெரும்பாலும் உப்பை அவசரப்பட்டுப் போடுவதுதான். நறுக்கிய கோஸின் உள்ளிருக்கும் ஜலத்தை வெளியே இழுப்பது உப்பின் சுபாவமாதலால், தாளித்த கையோடு அதைத் தூவிவிட்டால், காய் வதங்குவதற்குப் பதிலாகத் தன் நீரிலேயே வெந்து துவண்டுவிடுகிறது. ஆகையால், ஒரு கை நீர் மட்டும் தெளித்துச் சிறிது நேரம் மூடி வைத்து, பிறகு மூடியை எடுத்துக் கிளறி, கடித்தால் சற்றே நறுக்கென்னும் பக்குவத்தில் உப்பிட்டு, ஈரம் வற்றியதும் தேங்காய்ப்பூ தூவி இறக்குவது உத்தமம். வாணலி நிறைய இருந்த கோஸ் அதற்குள் நன்றாகச் சுருங்கியிருப்பதால், உப்பின் பிரமாணமும் கைக்குத் தப்பாது. பச்சையாய்க் குவிந்திருக்கையில் கண்ணளவாகப் போட்டவர் வீட்டில்தான் பொரியல் கரிக்கும்.