மொட்டைமாடியில் 35 லாரித் தண்ணீர்

குடியிருப்போர் சங்கம் ஒன்று இந்த ஆண்டு எதையாவது உருப்படியாகச் செய்ய நினைத்தால், தண்ணீரில் தொடங்கலாம். 2019 கோடையில் லாரிக்காகக் காத்திருந்த சென்னைவாசிகளுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி.

நான்கு மாடி, 24 வீடுகள், 4,000 சதுர அடி மொட்டைமாடி உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால், தினமும் சுமார் 13,000 லிட்டர் தேவை. அந்த மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால், சேதாரம் போக 3,000 லிட்டர் கிடைக்கும். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். ஆக, ஆண்டுக்கு 4,20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் சொன்னால் 35 லாரி.

மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டது. பெரும்பாலான கட்டடங்களில் குழாயும் குழியும் இருக்கின்றன. அவை வேலை செய்கின்றனவா என்பதைச் செப்டம்பரிலேயே, வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துகொள்ளலாம். மாடியில் இருக்கும் ஒவ்வொரு வடிகால் வாயிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள்; கீழே ஒருவர் நின்று அது எங்கே வருகிறது என்று பார்க்கட்டும். ஒரு குழாய் மட்டும் குழிக்குப் போக, மற்றவை தெருவில் கொட்டுவதைப் பல இடங்களில் காணலாம். பிறகு குழியிலும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பல மணி நேரமாகியும் வடியாவிட்டால் வண்டல் அடைத்திருக்கிறது. ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவி, அடியில் படிந்த சேற்றை வாரியபின் திரும்பப் போட வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடங்களுக்குச் சாதாரணக் குழியே போதும். களிமண் பூமியில் நீர் இறங்காது. மணல் அடுக்கை எட்டும்வரை குழிக்குள் துளை போட வேண்டியிருக்கும்.

மாடி நீரையும் தரை நீரையும் கலக்கக் கூடாது. மாடி நீர், ஜல்லியும் மணலும் நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாகச் சம்ப்புக்குப் போகலாம்; சம்ப் நிரம்பினால் மிச்சம் கிணற்றுக்கு. பருவத்தின் முதல் மழையை மட்டும் வால்வைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும். வண்டி நிற்கும் இடத்தில் ஓடும் நீரில் எண்ணெய் இருக்கும். அதைக் கிணற்றில் விடவே கூடாது. கசிவுக்குழிக்கு மட்டுமே அனுப்பலாம்.

ஆனால் 35 லாரி என்பது இந்தக் கட்டடத்துக்கு 32 நாள் தேவைதான். அதனால் மழைக்குப் பிடிக்கும் பாத்திரத்தில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓர் இரவு 12 மணி முதல் 4 மணி வரை மோட்டாரை நிறுத்திவிட்டு, யாரும் குழாயைத் திறக்க வேண்டாம் என்று எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள். மேல்தொட்டியின் நீர்மட்டத்தை இரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டி 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்றால், மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்குவது 60 லிட்டர். 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் நான்கு மணி நேரத்தில் 240 லிட்டர் போயிருக்கிறது. ஆண்டுக்கு அது 5 லட்சம் லிட்டரைத் தாண்டும். அந்த மாடியில் பெய்யும் மொத்த மழையைவிட அதிகம்!

பெரும்பாலும் கழிப்பறை ஃபிளஷ் தொட்டிதான் சத்தமில்லாமல் ஒழுகும். தொட்டியில் சிறிது கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, 20 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது என்று பொருள். மாற்ற அதிகச் செலவாகாது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் விட்டால் பாதிப் பேர் செய்ய மாட்டார்கள். சங்கமே ஒரு பிளம்பரை அமர்த்தி, ஒரே நாளில் 24 வீட்டையும் முடித்துவிடுவது நல்லது.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாமே என்ற பேச்சு கூட்டத்தில் நிச்சயம் எழும். பழைய கட்டடங்களில் சமையலறைக்கும் ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனிக் குழாய் இறங்குவதால் ஒரு வீட்டுக்கே மூன்று, நான்கு மீட்டர் தேவைப்படும். அதனால் முதலில் மேல்தொட்டிக்கு ஏறும் குழாயில் ஒரே ஒரு மீட்டர் வைத்து, வாட்ச்மேனைத் தினமும் காலையில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். கணக்கு திடீரென்று ஏறினால் கசிவு திரும்பியிருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

அந்த நோட்டிலேயே சம்ப்பின் மட்டத்தையும் எழுத வேண்டும். மழை வரும் என்று வானிலை அறிவிப்பு சொல்லும் நாளில் லாரிக்குச் சொல்லிச் சம்ப்பை நிரப்பிவிட்டால், மாடி நீருக்கு அங்கே இடமிருக்காது. லாரியை எப்போது அழைப்பது என்பதை அந்த நோட்டைப் பார்த்து ஒரே ஒரு பொறுப்பாளர் முடிவு செய்யட்டும்.