அலமாரியைப் படம் பிடித்துப் பாருங்கள்

"டீத்தூள் இருக்காண்ணே?" என்று கேட்பவரின் எதிரிலேயே டீத்தூள் இருக்கும், முன்னால் தொங்கும் ஷாம்பு சரம் அதை மறைத்திருக்கும். தினமும் உள்ளே நின்று பார்க்கும் மளிகைக் கடைக்காரருக்கு அது தெரியாது. செல்போன் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலிருந்து, அவர் கண் உயரத்தில் எடுக்க வேண்டும். காலையில் அடுக்கி முடித்ததும் ஒரு படம், இரவு கடை அடைக்கும் முன் அதே இடத்திலிருந்து இன்னொன்று. எந்த வரிசை காலியாகிறது என்பது பளிச்சென்று தெரியும். இடையில் சரக்கு நிரப்பியிருந்தால் மட்டும் படம் ஏமாற்றும்.

வேகமாகப் போகும் டீத்தூள் மேல்தட்டிலும், எப்போதாவது விற்கும் மெழுகுவத்தி நடுத்தட்டிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் இடம் மாற்றலாம். பக்கத்தில் சோப்பு இருந்தால் அதையும் நகர்த்த வேண்டும். டீத்தூள் வாசனையை இழுத்துக்கொள்ளும். கடைக்காரரே எடுத்துக்கொடுக்கும் கடையென்றால், நடுத்தட்டு அவர் கைக்கும் எட்ட வேண்டும். ஐந்து கிலோ மாவுப் பைகள் கீழேயே இருக்கட்டும். பாக்கெட்டின் முகப்பு வெளியே தெரிய வேண்டும். பழைய சரக்கு முன்வரிசையில்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வாடிக்கையாக வருபவர்கள் தடுமாறுவார்கள். வாரத்துக்கு ஒரு தட்டு போதும்.