இரண்டு அச்சிலும் ஏறினால் பள்ளமா?

ஒரு நிரலில் f_xx, f_yy (இரண்டாம் வகைக்கெழுக்கள்) இரண்டும் மிகை எண்ணா என்று மட்டும் பார்த்து, 'சிறுமம்' என்று முடிவு கட்டியிருந்தேன். தப்பு.

f = x² + 3xy + y² எடுத்துக்கோங்க. ஆதிப்புள்ளியில் முதல் வகைக்கெழுக்கள் பூஜ்யம்; f_xx = f_yy = 2. x அச்சில் நடந்தாலும் y அச்சில் நடந்தாலும் ஏற்றம்தான். ஆனால் y = −x என்று குறுக்கே போனால் f = −x². இறக்கம்!

நான் விட்டது f_xy = 3. இவற்றை அடுக்கிய ஹெஸ்ஸியன் அணியின் அணிக்கோவை 2×2 − 3×3 = −5. குறை எண் வந்தால் சேணப்புள்ளி, வேற பேச்சே இல்லை. மிகையாக வந்தால்தான் f_xx-ஐப் பார்க்கணும்: அது மிகை என்றால் சிறுமம், குறை என்றால் பெருமம்.

பூஜ்யம் வந்தால் சோதனை கையை விரித்துவிடும். x⁴ + y⁴, x⁴ − y⁴ இரண்டுக்குமே ஆதியில் பூஜ்யம்தான். முதலாவது சிறுமம், இரண்டாவது சேணம். அங்கே சார்பையே நேரில் பார்க்கணும்.