அடிப்பக்கத்திலிருந்து மையத்துக்கு

30 செ.மீ. அடிக்கோலைத் தட்டையாகப் பிடித்து வளைத்தால் எளிதில் வளையும். அதையே விளிம்பில் நிறுத்தி வளைத்துப் பாருங்கள், அசையாது. கோலின் அகலம் 30 மி.மீ., தடிமன் 3 மி.மீ. என்றால், நிறுத்திய கோலுக்கு விறைப்பு 100 மடங்கு. பொருளும் பரப்பும் மாறவில்லை. அந்தப் பரப்பு அச்சிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்தான் மாறியது. அதை அளப்பதுதான் பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன். ஒவ்வொரு துளிப் பரப்பையும் அச்சிலிருந்து அதற்குள்ள தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

ஒரே பொருளாலான உத்தரம் வளையும்போது, நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் அடுக்கு பரப்பு மையத்தின் வழியே செல்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது மையத்தைப் பற்றிய மதிப்பு. ஆனால் தொகையிட வசதியானது அடிப்பக்கம். அங்கே உயரத்தை 0-விலிருந்து எண்ணலாம்.

அடி b, உயரம் h உள்ள முக்கோணத்தை அடிக்கு இணையான மெல்லிய கீற்றுகளாக வெட்டுவோம். y உயரத்தில் கீற்றின் நீளம் b(1 − y/h). எனவே,

I = ∫₀ʰ y² b(1 − y/h) dy = bh³/3 − bh³/4 = bh³/12

இங்கிருந்து மையத்துக்குப் போக இணை அச்சுத் தேற்றம் உதவும்: பரப்பையும், இரு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கிக் கழித்தால் போதும். அடியும் உயரமும் 6 செ.மீ. என்று கொள்வோம். அடிப்பக்கத்தைப் பற்றிய மதிப்பு 108 செ.மீ.⁴. பரப்பு 18 ச.செ.மீ.; மையம் h/3, அதாவது 2 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 18 × 4 = 72-ஐக் கழித்தால் 36. பொதுவாக எழுதினால் bh³/36, அடிமதிப்பில் சரியாக மூன்றில் ஒரு பங்கு.

அரைவட்டத்திலும் வழி இதுவே. கீற்றின் நீளம் 2√(r² − y²). y = r sin θ என்று மாற்றித் தொகையிட்டால், விட்டத்தைப் பற்றிய மதிப்பு πr⁴/8. முழு வட்டத்தின் πr⁴/4-இல் இது சரிபாதி. மாணவர் பலர் சறுக்குவது இங்கேதான். வட்டத்தின் விட்டம் அதன் மையத்தின் வழியே செல்வதால், பாதியாக்கிக் கிடைத்ததையும் மைய மதிப்பென்று எடுத்துக்கொள்கிறார்கள். அரைவட்டத்தின் பரப்பு மையமோ விட்டத்திலிருந்து 4r/3π உயரத்தில் இருக்கிறது. r = 10 செ.மீ. என்றால் விட்டத்தைப் பற்றி 3927. கழிக்க வேண்டியது 2829. மையத்தைப் பற்றி 1098 செ.மீ.⁴ மட்டுமே. கழிக்க மறந்தவர் உத்தரத்தின் விறைப்பை மூன்றரை மடங்குக்கு மேல் கூட்டிச் சொல்லியிருப்பார்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. இணையான அச்சுகள் எல்லாவற்றிலும் மையத்தின் வழியே செல்லும் அச்சுக்குத்தான் மதிப்பு மிகக் குறைவு. மைய மதிப்பு அடிமதிப்பைவிடப் பெரிதாக வந்தால், கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள்.