ஒரு தேக்கரண்டி இனிப்பு

பொங்கல் திருநாளில் வெல்லம் இட்டுச் செய்யும் உணவைத் தமிழர் சர்க்கரைப் பொங்கல் என்கின்றனர். வெல்லம் சேர்த்த பொங்கலுக்குச் சர்க்கரை என்னும் பெயர் ஏன் வந்தது? முற்காலத்தில் கருப்பஞ்சாற்றைக் காய்ச்சிப் பெற்ற இனிப்பையே சர்க்கரை என்று வழங்கினர். பஞ்சாபில் இன்றும் 'ஷக்கர்' என்பது பொடித்த வெல்லத்தையே குறிக்கும். ஆலைகளில் தூய்மைப்படுத்திய வெண்ணிறப் படிகம் பரவிய பின்னர், சர்க்கரை என்னும் சொல் அதற்கு உரியதாயிற்று. தென்மாவட்டத்தார் அதனைச் சீனி என்பர். இப்பெயர் மாற்றத்தால் ஒரு மயக்கமும் வந்தது. சர்க்கரை தீது, வெல்லமும் தேனும் நன்று எனப் பலரும் கருதுகின்றனர். அக்கருத்து எவ்வளவு சரி என்பதை ஒரு தேக்கரண்டி கொண்டே அளந்தறியலாம்.

உணவு உடலுக்குத் தரும் ஆற்றலைக் கலோரி என்னும் அலகால் அளக்கின்றோம். இம்மூன்று இனிப்புகளிலும் கொழுப்பு இல்லை. புரதமும் இல்லை என்றே கூறலாம். ஆதலால் இவை தரும் ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் கார்போஹைட்ரேட்டிலிருந்தே வருகிறது.

முதலில் எடையைக் கொண்டு ஒப்பிடுவோம். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 390 கலோரி தரும். அது முழுவதும் கார்போஹைட்ரேட்டே. 100 கிராம் வெல்லம் ஏறத்தாழ 380 கலோரி தரும். அதில் கார்போஹைட்ரேட் 95 கிராம் அளவில் இருக்கும். 100 கிராம் தேன் ஏறத்தாழ 305 கலோரியே தரும். அதில் கார்போஹைட்ரேட் 82 கிராம். தேனில் மீதியுள்ளதில் பெரும்பங்கு நீர். நீருக்குக் கலோரி இல்லை. இக்கணக்கின்படி மூன்றனுள் தேனே குறைந்த ஆற்றல் உடையது.

ஆனால் வீட்டில் எவரும் தேனை எடைபோட்டு உண்பதில்லை, கரண்டியால்தான் அளக்கின்றனர். கரண்டி அளப்பது எடையை அன்று, இடத்தை. ஒரு தேக்கரண்டியின் கொள்ளளவு 5 மில்லிலிட்டர். அதில் நீரை நிரப்பினால் எடை 5 கிராம் இருக்கும். சர்க்கரையை நிரப்பி மேற்புறத்தைத் தட்டையாக வழித்தால் ஏறத்தாழ 4 கிராமே இருக்கும். சர்க்கரைப் படிகங்களுக்கு இடையே காற்று நிறைந்த இடைவெளிகள் இருப்பதே இதற்குக் காரணம். தேனில் அத்தகைய இடைவெளி இல்லை. சிறிதளவு நீரில் மிகுதியான சர்க்கரைப் பொருள்கள் நெருங்கிக் கரைந்திருப்பதால் அது நீரைவிடக் கனமானது. எனவே அதே கரண்டியில் தேன் ஏறத்தாழ 7 கிராம் கொள்ளும்.

இனிக் கரண்டிக் கணக்கைக் காண்போம். தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டிக்கு உரிய அளவுகள் இவை:

வெள்ளைச் சர்க்கரை: 4 கிராம் எடை, 4 கிராம் கார்போஹைட்ரேட், ஏறத்தாழ 16 கலோரி.
பொடித்த வெல்லம்: 4 கிராம் எடை, 3.8 கிராம் கார்போஹைட்ரேட். ஏறத்தாழ 15 கலோரி.
தேன்: 7 கிராம் எடை, 5.8 கிராம் கார்போஹைட்ரேட். ஏறத்தாழ 21 கலோரி.

எடைக் கணக்கில் கடைசியில் நின்ற தேன், கரண்டிக் கணக்கில் முதலிடத்திற்கு வந்துவிட்டது. சர்க்கரையும் வெல்லமும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கின்றன.

வெல்லத்தின் அளவு மட்டும் எளிதில் மாறக்கூடியது. உலர்ந்த பொடியைத் தளர்வாக எடுத்தால் 4 கிராம் இருக்கும். ஈரமுள்ள வெல்லத்தைக் கரண்டியில் அழுத்தி நிரப்பினால் 6 கிராம்கூட இருக்கலாம். அப்போது கலோரி 23 ஆகிவிடும். அச்சு வெல்லத்தை உடைத்துப் போடும்போது கரண்டிக் கணக்கே பொருந்தாது. எடை பார்த்தல் ஒன்றே வழி.

வெல்லத்தில் இரும்பு முதலிய தாதுக்கள் உண்டு என்பது உண்மையே. எனினும் 100 கிராம் வெல்லத்தில் இருப்பது சில மில்லிகிராம் இரும்புதான். 4 கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டியில் அதன் இருபத்தைந்தில் ஒரு பங்கே கிட்டும். இரும்புக்காக வெல்லத்தை மிகுதியாக உண்டால், இரும்பைவிடச் சர்க்கரையே உடலில் மிகுதியாகச் சேரும்.

இக்கணக்கு எங்கே பயன்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் தாத்தாவுக்கு நீரிழிவு நோய் இருப்பதாகக் கொள்வோம். அவர் நாள்தோறும் மூன்று முறை தேநீர் அருந்துவார். ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்ப்பார். அதனால் பெற்றது 12 கிராம் கார்போஹைட்ரேட், 48 கலோரி. சர்க்கரை கூடாது என்று கேட்டபின் அவர் தேனுக்கு மாறினார். மூன்று கரண்டித் தேனில் ஏறத்தாழ 17 கிராம் கார்போஹைட்ரேட்டும் 63 கலோரியும் உள்ளன. தேன் தீங்கு செய்யாது என்று எண்ணி இரவில் பாலிலும் ஒரு கரண்டி சேர்க்கத் தொடங்கினார். இப்போது நாளொன்றுக்கு 23 கிராம் கார்போஹைட்ரேட், 84 கலோரி. முன்பு இருந்ததைவிட இஃது ஏறத்தாழ இருமடங்கு.

அடுத்த முறை மருத்துவர் வினவும்போது, "இப்போது சர்க்கரையே சேர்ப்பதில்லை, ஐயா" என்று தாத்தா கூறுவார். அவர் பொய் கூறவில்லை. ஆயினும் அந்த விடை மருத்துவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும். இரத்தத்தில் சர்க்கரை குறையாததற்கு மாத்திரை போதாமையே காரணம் என்று அவர் கருத நேரலாம். "மூன்று வேளைத் தேநீரிலும் இரவுப் பாலிலும் ஒவ்வொரு கரண்டி தேன் சேர்க்கிறேன்" என்பதே அவருக்குப் பயன்படும் விடை.

பெயர் வேறாயினும் உடல் இவற்றை ஏறத்தாழ ஒன்றாகவே நடத்துகிறது. வெள்ளைச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் பெரும்பாலும் இருப்பது சுக்ரோஸ். அது குடலில் குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. தேனில் அவ்விரண்டும் முன்னரே பிரிந்த நிலையில் உள்ளன. உலகச் சுகாதார நிறுவனமும் தேனில் உள்ள சர்க்கரையைக் குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் கணக்கிலேயே சேர்க்கிறது.

அவ்வாறாயின் தேனால் ஆற்றலைக் குறைக்கவே இயலாதா? இயலும். தேன், சர்க்கரையைவிடச் சற்று மிகுதியாக இனிக்கும். கரண்டியில் எடையும் கூடுதல். ஆகவே ஒரு கரண்டி சர்க்கரைக்கு ஈடாக அரைக் கரண்டித் தேன் சிலருக்குப் போதுமானதாக இருக்கும். அப்போது 16 கலோரி ஏறத்தாழ 11 ஆகக் குறையும். அந்தக் குறைவைத் தந்தது தேன் என்னும் பெயர் அன்று, கரண்டியின் அளவே.

செய்து பார்க்க: வீட்டிலுள்ள தேக்கரண்டியால் பத்துக் கரண்டி சர்க்கரையைத் தட்டையாக வழித்து ஒரு கிண்ணத்தில் இடுக. சமையலறைத் தராசில் எடைபோட்டுக் கிண்ணத்தின் எடையைக் கழித்துப் பத்தால் வகுக்க. பின்னர்க் கரண்டியில் குவித்து எடுத்து மீண்டும் அளக்க. இரண்டு விடைகளுக்கும் இடையே எத்தனை கிராம் வேறுபாடு உள்ளது? குவித்த ஒரு கரண்டியில் எத்தனை கலோரி இருக்கும்? விடைகளை எழுதுக.