உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து என்பது, சிலுவையில் அறையப்பட்டு இறந்த இயேசு கிறிஸ்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்னும் நம்பிக்கையைக் கொண்டாடும் நாளில் கிறித்தவர்களுக்குச் சொல்லப்படும் வாழ்த்தாகும். பேச்சு வழக்கில் இவ்விழா ஈஸ்டர் எனப்படுகிறது. கிறித்தவர்கள் தங்களுக்குள் இவ்வாழ்த்தைப் பரிமாறிக்கொள்வது போலவே, பிற சமய நண்பர்களும் அவர்களுக்கு வாழ்த்து அனுப்புகின்றனர். அன்போடு அனுப்பப்படும் வாழ்த்துகளிலும் மூன்று பிழைகள் அடிக்கடி காணப்படுகின்றன. நாள் மாறிப் போவது முதற்பிழை. உயிர்ப்பு என்பதற்குப் பொருந்தாத சொல்லைப் போடுவது இரண்டாவது. பெறுபவரின் திருச்சபை வழக்கை அறியாமல் எழுதுவது மூன்றாவது.

வாழ்த்துக்கு உரிய நாள்

உயிர்ப்புப் பெருவிழா எப்போதும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும்; ஆனால் அதன் தேதி ஆண்டுதோறும் மாறும். மேற்கத்திய திருச்சபைகளின் கணக்குப்படி, மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்போ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறே இவ்விழாவாகும். எனவே அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் அமையும். எடுத்துக்காட்டாக, 2026இல் ஏப்ரல் 5ஆம் நாளும், 2027இல் மார்ச் 28ஆம் நாளும் உயிர்ப்பு ஞாயிறு ஆகும்.

இதற்கு இரண்டு நாள் முன்னதாக வருவது பெரிய வெள்ளி. புனித வெள்ளி என்றும் இதைக் கூறுவர். இது இயேசு துன்புற்று இறந்ததை நினைவுகூரும் நாள். பலர் அன்று நோன்பிருப்பர். சிலுவைப்பாதையிலும் நீண்ட வழிபாட்டிலும் பங்கேற்பர். அரசு விடுமுறை என்பதால் இதையும் பண்டிகை என்று எண்ணிப் பலர் காலையிலேயே "ஹேப்பி குட் ஃபிரைடே" என்று செய்தி அனுப்பிவிடுகின்றனர். ஒரு வீட்டில் துக்கம் அனுசரிக்கும் நாளில் மகிழ்ச்சி வாழ்த்துச் சொல்வதற்கு இது ஒப்பாகும். அன்று ஏதேனும் எழுத விரும்பினால், "இந்தப் புனித நாளில் உங்களையும் குடும்பத்தாரையும் அன்போடு நினைக்கிறேன்" என்பது போன்ற அமைதியான ஒரு வரி போதும்.

சனிக்கிழமைப் பகலும் அமைதியாகக் காத்திருக்கும் நேரமே. அன்று இரவு கத்தோலிக்க ஆலயங்களில் பாஸ்காத் திருவிழிப்பு நடைபெறும். இருளில் புதுத்தீ மூட்டி, அதிலிருந்து பெரிய பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி, அந்த ஒளியைக் கூடியிருப்பவர்களின் சிறு மெழுகுதிரிகளுக்குப் பகிர்வர். தவக்காலம் முழுவதும் பாடப்படாத அல்லேலூயா இந்த வழிபாட்டில்தான் மீண்டும் ஒலிக்கும். சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றில் ஞாயிறு விடியற்காலை ஆராதனை முதன்மையானது. ஆகவே ஞாயிறு காலை அனுப்பும் வாழ்த்து எல்லாருக்கும் பொருந்தும்.

அன்று அனுப்ப மறந்தவர் வருந்த வேண்டியதில்லை. திருச்சபை நாட்காட்டியில் உயிர்ப்பு ஒரு நாளோடு முடிவதில்லை. பெந்தகோஸ்து என்னும் தூய ஆவியார் பெருவிழா வரை 50 நாள் உயிர்ப்புக் காலமாகக் கருதப்படுகிறது. 2026இல் இக்காலம் மே 24 வரை நீள்கிறது. முதல் வாரத்தில் வரும் வாழ்த்தைத் தாமதமானது என்று யாரும் எண்ணுவதில்லை. முன்கூட்டியே வெள்ளியன்று அனுப்புவதைவிடத் திங்களன்று அனுப்புவது நன்று.

உயிர்ப்பு என்னும் சொல்

வாழ்த்தில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுவே. "இயேசு மறுபிறவி எடுத்த நாள்", "மறுபிறப்பு எடுத்த திருநாள்" என்று சிலர் எழுதுகின்றனர். மறுபிறவி என்பது ஓர் உயிர் வேறோர் உடலில் மீண்டும் பிறப்பதைக் குறிக்கும் சொல். கிறித்தவ நம்பிக்கை அதுவன்று. இறந்து அடக்கம் செய்யப்பட்ட அதே இயேசு, இனி இறப்பில்லாத வாழ்வுக்கு எழுந்தார் என்பதே அந்நம்பிக்கை. கல்லறை வெறுமையாக இருந்தது என்று நற்செய்தி நூல்கள் கூறுவதன் கருத்தும் அதுதான். ஆகவே "உயிர்த்தெழுந்தார்" என்பதே சரியான வினை. "உயிர்ப்பு", "உயிர்த்தெழுதல்" ஆகியவை சரியான பெயர்கள். "பிழைத்து வந்தார்" என்பதும் பொருந்தாது; அது அவர் இறக்கவே இல்லை என்னும் பொருளைத் தந்துவிடும்.

இன்னொரு குழப்பம் பிறப்பு விழாவோடு தொடர்புடையது. "இயேசு பாலன் பிறந்த நன்னாளில்" என்று கிறிஸ்துமஸ் வாழ்த்தை அப்படியே இவ்விழாவுக்கும் அனுப்பிவிடுவோர் உண்டு. படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். வெறுமையான கல்லறை, விடியல், ஒளிரும் மெழுகுதிரி, வெள்ளை லில்லி மலர் ஆகியவை இவ்விழாவுக்கு உரியவை. முள்முடியோடு துன்புறும் இயேசுவின் படம் பெரிய வெள்ளிக்கு உரியது. வண்ண முட்டையும் முயலும் ஐரோப்பிய வழக்கிலிருந்து வந்தவை. குழந்தைகளுக்கான அட்டையில் அவை தவறாகா. எனினும் விழாவின் கருத்தை அவை மட்டும் சொல்லிவிடுவதில்லை.

திருச்சபை வழக்குகள்

தமிழ்க் கிறித்தவர்களிடையே ஒரே பொருளுக்கு இருவேறு சொற்கள் வழங்குகின்றன. கத்தோலிக்கர் "உயிர்ப்புப் பெருவிழா", "ஆண்டவர்", "திருப்பலி", "தவக்காலம்" என்பர். தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் திருச்சபை முதலியவற்றைச் சேர்ந்தவர்கள் "உயிர்த்தெழுந்த பண்டிகை" அல்லது "ஈஸ்டர் பண்டிகை", "கர்த்தர்", "ஆராதனை", "லெந்து காலம்" என்பர். அவர்கள் பயன்படுத்தும் விவிலிய மொழிபெயர்ப்புகள் வேறுபடுவதும் இதற்கு ஒரு காரணம். ஒருவரிடம் மற்றவரின் சொல்லைப் பயன்படுத்தினால் குற்றமில்லை. ஆனால் நண்பர் வீட்டில் வழங்கும் சொல்லையே எழுதினால், வாழ்த்து அவருக்கென்றே எழுதியதாகத் தோன்றும். எந்தத் திருச்சபை என்று தெரியாதபோது "ஈஸ்டர் நல்வாழ்த்துகள்" என்பது இரு சாராருக்கும் பொதுவானது.

யெகோவாவின் சாட்சிகள் போன்ற சில பிரிவினர் இவ்விழாவைக் கொண்டாடுவதில்லை. நண்பர் கொண்டாடுகிறாரா என்பதை முன்னரே அறிந்துகொள்வது நல்லது.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று ஒருவர் சொல்ல, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று மற்றவர் மறுமொழி கூறுவது பழைமையான வாழ்த்து முறை. கிரேக்கத் திருச்சபையில் "கிறிஸ்தோஸ் அனெஸ்தி" என்றும் "அலிதோஸ் அனெஸ்தி" என்றும் இது வழங்குகிறது. இதன் வேர் லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில் உள்ளது. இது வாழ்த்து மட்டுமன்று, நம்பிக்கை அறிக்கையும் ஆகும். எனவே பிற சமயத்தார் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. "கிறிஸ்து உயிர்த்தெழுந்ததை நீங்கள் கொண்டாடும் இந்நாளில்" என்று எழுதினால், எழுதுபவரின் நேர்மையும் காக்கப்படும். நண்பரின் நம்பிக்கையும் மதிக்கப்படும். அதற்காக "உங்கள் கடவுள்", "உங்கள் சாமி" என்று பிரித்துக் காட்டுவது வேண்டியதில்லை. அது வாழ்த்தில் ஒரு விலகலை உண்டாக்கும்.

ஒரு வாழ்த்தும் அதன் திருத்தமும்

கல்லூரி மாணவி ஒருவர் கத்தோலிக்கத் தோழிக்கு வெள்ளிக்கிழமை காலையில் அனுப்ப எழுதியதாகக் கீழ்வரும் வாழ்த்தைக் கொள்ளலாம்.

"ஹேப்பி குட் ஃபிரைடே! இயேசு மறுபிறவி எடுத்த உயிர்ப்பு பெருவிழாவில் உங்கள் கடவுள் எல்லா வளமும் தர வாழ்த்துக்கள்."

இதில் முதல் தொடரை நீக்கி, வாழ்த்தை ஞாயிறு காலைக்கு மாற்ற வேண்டும். "மறுபிறவி எடுத்த" என்பது "உயிர்த்தெழுந்த" என்றாக வேண்டும். "உங்கள் கடவுள்" என்பதில் "உங்கள்" தேவையில்லை. "தர வாழ்த்துக்கள்" என்ற முடிவும் செம்மையாக இல்லை; கடவுள் தருவதை வேண்டுவதும் தோழியை வாழ்த்துவதும் அதில் கலந்துவிட்டன. "உயிர்ப்பு பெருவிழா" என்பதில் வலி மிக வேண்டும். உயிர்ப்பு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம் ஆதலால், வல்லினம் தொடரும்போது "உயிர்ப்புப் பெருவிழா" என்று வரும். "உயிர்த்தெழுந்த கிறிஸ்து" என்பதில் முதற்சொல் பெயரெச்சம். ஆகவே அங்கே வலி மிகாது. "வாழ்த்துக்கள்", "வாழ்த்துகள்" இரண்டும் வழக்கில் உள்ளன. "வாழ்த்துகள்" என்பதையே ஆசிரியர் பலர் பரிந்துரைக்கின்றனர்.

திருத்திய வடிவம்:

"அன்புள்ள தோழிக்கு, உயிர்ப்புப் பெருவிழா நல்வாழ்த்துகள்! கிறிஸ்து உயிர்த்தெழுந்ததை நீங்கள் கொண்டாடும் இந்நாளில் உன் வீட்டில் மகிழ்ச்சி நிறையட்டும். நாற்பது நாள் நோன்பிருந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பைச் சொல். இரவுத் திருப்பலி எப்படி நடந்தது என்று நேரில் கேட்க ஆவலாக இருக்கிறேன்."

இவ்வாழ்த்தின் சிறப்பு அலங்காரச் சொற்களில் இல்லை. தோழியின் வீட்டில் நோன்பு இருந்ததும், இரவில் திருப்பலிக்குச் சென்றதும் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை நண்பருக்கானால், "உயிர்த்தெழுந்த பண்டிகை நல்வாழ்த்துகள்! விடியற்காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பீர்கள் என நினைக்கிறேன்" என்று தொடங்கலாம்.

துயரத்தில் இருக்கும் நண்பருக்கு

எல்லா வீடுகளிலும் இவ்விழா ஒரே மகிழ்ச்சியோடு வருவதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில் இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று வழிபாட்டிடங்களிலும் சில விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வழிபாட்டுக்கு வந்தவர்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அக்குடும்பங்களுக்கு ஒவ்வோர் உயிர்ப்பு ஞாயிறும் ஓர் இழப்பின் நினைவையும் கொண்டுவருகிறது. அண்மையில் பெற்றோரையோ உடன்பிறந்தாரையோ இழந்த எந்த நண்பரின் நிலையும் இதைப் போன்றதே.

அத்தகையவருக்கு "மகிழ்ச்சி பொங்கட்டும்", "கொண்டாடி மகிழுங்கள்" என்னும் தொடர்களைத் தவிர்க்க வேண்டும். ஆனால் வாழ்த்தே சொல்லாமல் விடுவதும் நன்றன்று. இறந்தவர்களும் உயிர்த்தெழுவர் என்னும் எதிர்நோக்கு இவ்விழாவின் உள்ளே இருப்பதால், துயரத்தில் இருப்பவருக்கும் சொல்லக்கூடிய விழா இது. "உயிர்ப்புப் பெருவிழா நாளில் உங்களை நினைக்கிறேன். அண்ணன் இல்லாத இந்த ஆண்டு எவ்வளவு கடினமானது என்று அறிவேன். இவ்விழா தரும் நம்பிக்கை உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும்" என்று எழுதலாம். இறந்தவரைக் குறிப்பிட்டால் துயரம் கூடுமோ என்று அஞ்சிப் பலர் அதைத் தவிர்க்கின்றனர். பெரும்பாலும் அவரை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதே அக்குடும்பத்துக்கு ஆறுதலாகிறது.