நலத் திட்டம் கேட்டு நிர்வாகத்திடம் போகும்போது

ஊழியர் நலத் திட்டம் கேட்டு எழுதும் மனுக்களில் ஒரு வரி அநேகமாகத் தப்பாமல் வந்துவிடும்: 'இதனால் மருத்துவச் செலவு குறையும்.' நம் ஊர்த் தொழிற்சாலைகளில் பலவற்றுக்கு இது பொருந்தாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ.யில் வருகிறார்கள். அவர்களுக்காக நிர்வாகம் கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம். தொழிலாளி ஒருமுறைகூட டிஸ்பென்சரிக்குப் போகாவிட்டாலும் அந்தத் தொகை குறையப் போவதில்லை.

மருத்துவச் செலவைக் கம்பெனியே சுமக்கும் அமெரிக்காவிலும் அந்த வாக்குறுதி நிற்கவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகம் 2016-ல் தன் ஊழியர்களில் சுமார் 5,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் நலத் திட்டத்தைக் கொடுத்தது. இரண்டு பிரிவுகளுக்கும் இடையே மருத்துவச் செலவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் முன்பே ஆரோக்கியமாகவும் குறைந்த செலவிலும் இருந்தவர்கள். 'சேர்ந்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள்' என்று மட்டும் பார்த்திருந்தால் திட்டம் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

அப்படியானால் எதைச் சொல்லிப் பணம் கேட்பது? திருப்பூரில் இரண்டு மாடியில் இயங்கும் ஒரு பின்னலாடை யூனிட்டை எடுத்துக்கொள்வோம். 300 பேர், பெரும்பாலும் பெண்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை ஆகிய மூன்றை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் ஒரு மாதிரிக் கணக்குதான்.

பரிசோதனைக்குத் தலைக்கு 250 வீதம் 75,000 ரூபாய். ஆறு மாதம் கழித்து, குறை தெரிந்த 120 பேருக்கு மறுபரிசோதனை 30,000. மாதம் நான்கு நாள் வந்து தொடர்ந்து கவனிக்கும் நர்ஸுக்கு, நாளுக்கு 1,500 வீதம் வருடத்துக்கு 72,000. மனுக்கள் வழக்கமாக இங்கேயே கூட்டல் போட்டுவிடுகின்றன. ஆனால் திட்டம் படுப்பது இதற்கு அடுத்த இடத்தில்தான். பீஸ் ரேட்டில் தைப்பவர் மெஷினை விட்டு எழுந்தால் அன்றைய கூலி குறையும். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மருந்து இலவசம். அதை வாங்கப் போனால் அரை நாள் சம்பளம் போய்விடும். அதனால் முதல் பரிசோதனைக்கு வருவார்கள், மருந்துக்குப் போகமாட்டார்கள். நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று மனுவிலேயே எழுதிவிட வேண்டும். மணிக்கு 75 ரூபாய் என்றால், இரண்டு பரிசோதனைகளுக்கும் ஆளுக்கு அரை மணி வீதம் 15,750. டிஸ்பென்சரி போக 120 பேருக்கு நான்கு மணி வீதம் 36,000. மொத்தம் 2,28,750 ரூபாய். தலைக்குச் சுமார் 760.

'ஆரோக்கியம் மேம்படும்' என்பதை இலக்காக ஏற்க முடியாது, அதை அளக்க வழியில்லை. 140/90-க்கு மேல் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் பாதிப்பேருக்காவது ஆறு மாதத்தில் அது அதற்குக் கீழே வர வேண்டும் என்று எழுதலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. படியேறி வந்த வேகத்தில் பார்த்தால் பலருக்கும் அளவு ஏறித்தான் இருக்கும். அடுத்த முறை எந்த மருந்தும் இல்லாமலே இறங்கிவிடும். ஆகவே வேறு வேறு நாட்களில் இரண்டு முறை பார்த்து, இரண்டிலும் கூடுதலாக இருப்பவரை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இதற்கு டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரை விலை மலிவு. ஆனால் காலை டீயோடு சேர்த்து விழுங்கினால், டீயில் உள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஆறு மாதத்தில் அளவு ஏறவில்லை என்றால், மாத்திரையை எப்போது எதனோடு சாப்பிட்டார்கள் என்று நர்ஸ் முதலில் விசாரிக்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்காகவே நர்ஸ் சம்பளத்தை வெட்டக்கூடாது என்பேன்.

நிர்வாகத்துக்கு உண்மையில் கைக்கு வரும் லாபம் விடுப்பு நாட்கள் குறைவதுதான். அதை நிரூபிக்க, குலுக்கலில் வரும் மாடியில் முதலில் தொடங்கி, அடுத்த மாடிக்கு ஆறு மாதம் கழித்துத் திட்டத்தை விரிக்கலாம். அந்த ஆறு மாதத்துக்கு இரண்டு மாடிகளின் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட வேண்டும். முந்தைய வருடம் அதே மாதங்களில் எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்தால்தான் தீபாவளி ஊர்ப்பயணமும் ஆர்டர் நெருக்கடியும் கணக்கைக் குழப்பாது. 300 பேரில் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்பதை மனுவிலேயே சொல்லிவிடுவது நல்லது.

யாருக்கு என்ன நோய் என்ற தகவல் நர்ஸிடமும் டாக்டரிடமும் மட்டுமே இருக்க வேண்டும். எச்.ஆருக்கு மொத்த எண்ணிக்கை போதும். சர்க்கரை என்று தெரிந்தால் நைட் ஷிஃப்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஓவர்டைம் போய்விடும் என்ற பயம் ஒருவருக்கு வந்தால் அடுத்த மேஜைக்கும் பரவிவிடும். மறுபரிசோதனைக்கு வரவேண்டிய 120 பேரில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மாதாமாதம் நிர்வாகத்துக்குக் காட்டலாம். 70 பேருக்குக் கீழே போனால் அடுத்த தவணைப் பணத்தை நிறுத்திவைத்து, அவர்கள் வராத காரணத்தைத் தொழிலாளர்களிடமே கேட்பது என்று மனுவின் கடைசி ஷரத்தாக எழுதலாம்.